செக்கின் தேதி முடிந்தாலும் கடன் முடிவதில்லை

மதுரையில் எங்கள் பகுதியில் தையல் கூடம் நடத்தும் ஒரு பெண்மணி, போன நவம்பருக்கு முந்தைய நவம்பரில் அளவு நோட்டைப் புரட்டியபோது அதற்குள் மடிந்து கிடந்த ஒரு செக்கைக் கண்டெடுத்தார். ஒரு பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுத்த கூலி அது. ஜூன் மாதம் கைக்கு வந்தது. அதே வாரம் அவருடைய தாயார் மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த செக் யார் நினைவிலும் இல்லை. வங்கிக்கு எடுத்துப்போனார். கவுன்டரில் இருந்தவர் தேதியைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது ஸ்டேல் செக்மா. போட்டா ரிட்டர்ன்தான் ஆகும். குடுத்தவங்ககிட்டயே மாத்தி வாங்கிக்கங்க."

பணம் போய்விட்டது என்றே அவர் நினைத்தார். கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. ஒரு காலத்தில் செக்குக்கு ஆறு மாத ஆயுள் இருந்தது. ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்தது. 2012 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. டிமாண்ட் டிராஃப்டுக்கும் இதே விதிதான். மூன்று மாதம் என்றால் காலண்டர் மாதம். 90 நாள் என்று எண்ணக் கூடாது. எந்த நாளில் செக் கைக்கு வந்தது என்பதற்கும் இதில் வேலையில்லை. செக்கின் மேல் எழுதியிருக்கும் தேதிதான் கணக்கு. இவருடைய செக்கின் தேதி 12.06.2024. ஆகவே செப்டம்பர் 11-க்குள் அது வங்கிக்குப் போயிருக்க வேண்டும். அதுவும் செக் கொடுத்தவருடைய வங்கிக்கு. கடைசி நாள் மாலை நம் வங்கியின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், அது கிளியரிங்கில் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் தேதி தாண்டிவிடலாம்.

அடுத்தது, எது காலாவதியானது என்பது. வேலை செய்ததற்காகப் பள்ளி கொடுக்க வேண்டிய கூலி ஒரு கடன். அந்தக் கடனைத் தீர்க்கக் கொடுத்த ஒரு வழிதான் செக். செக் பணமாகாமல் போனால், கடன் பழைய இடத்திலேயே நிற்கிறது. பள்ளியின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை என்பதால், அவர்களுக்கும் இதில் நஷ்டம் எதுவும் இல்லை. எனவே மாற்றுச் செக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, கூச்சப்படவும் தேவையில்லை.

ஆனால் இந்தக் கடனுக்கும் ஒரு காலவரம்பு உண்டு. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட, பொதுவாக வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் அவகாசம். நட்பாகப் பேசிக்கொண்டே அந்த மூன்று ஆண்டைக் கழித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதனால்தான் போனில் கேட்பதைவிடக் கடிதம் நல்லது. "ஆம், இந்தத் தொகை தர வேண்டியிருக்கிறது" என்று கொடுக்க வேண்டியவர் அந்த மூன்று ஆண்டுக்குள் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கடிதம் எழுதும் முன், அதைப் படிக்கப்போகிறவர் எப்படிப்பட்ட வேலையில் இருக்கிறார் என்று பார்ப்போம். பள்ளியின் கணக்காளர் மாதாமாதம் தம் கணக்குப் புத்தகத்தையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கொடுத்தும் வங்கிக்கு வராத செக்குகள் அதில் தனியாக நிற்கும். மூன்று மாதம் தாண்டியும் வராதவற்றை ரத்து செய்து, அந்தத் தொகையைத் திரும்பவும் 'தர வேண்டியவை' பக்கத்தில் எழுதிவைப்பார். மார்ச் 31 தாண்டிவிட்டால் அது போன ஆண்டுக் கணக்குக்குள் போய்விடும். தேடி எடுக்க நேரம் பிடிக்கும். அவருடைய பயம் ஒன்றே ஒன்று: ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விடக் கூடாது. நம் கடிதம் அந்தப் பதிவை அவர் உடனே கண்டுபிடிக்க உதவ வேண்டும். பழைய செக் இனி வெளியே வராது என்ற நம்பிக்கையையும் தர வேண்டும். "உங்கள் செக் காலாவதியாகிவிட்டது, வேறு தரவும்" என்று மட்டும் எழுதினால் இரண்டும் நடக்காது.

எனவே அசல் செக்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். செக்கின் அடியில் வெள்ளைப் பட்டையில் ஒரு வரிசை எண்கள் இருக்கும். இடது ஓரத்தில் முதலில் வரும் ஆறு இலக்கம்தான் செக் எண். அதை அடுத்து வரும் ஒன்பது இலக்கம் எம்ஐசிஆர் எண்; முதல் மூன்று இலக்கம் ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். மதுரைக் கிளை என்றால் 625 என்று தொடங்கும். இந்த ஒன்பது இலக்கத்தையே செக் எண் என்று எழுதிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படி எழுதினால் கணக்காளர் அதைக் கணினியில் தேடும்போது எதுவும் வராது. செக் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் விடாமல் எழுத வேண்டும்.

தொகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இவருடைய பில் 48,000 ரூபாய். பள்ளி அதில் ஒரு சதவீதம், அதாவது 480 ரூபாயை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 47,520 ரூபாய்க்குத்தான் செக் கொடுத்திருந்தது. கடிதத்தில் 48,000 என்று மட்டும் எழுதினால் செக் தொகையோடு பொருந்தாது. வரிப் பிடித்தத்தைச் சொல்லாமல் விட்டால், புதிதாகக் கொடுக்கும்போது மறுபடியும் பிடித்துவிடக்கூடும். பிடித்த வரி நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏறியிருந்தால், அந்த பில்லைப் பள்ளி தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது என்பதற்கும் அதுவே ஒரு சான்று.

இவ்வளவையும் வைத்து நாங்கள் எழுதிய கடிதம் இது:

18.11.2024, மதுரை

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: காலாவதியான செக் எண் 004518-க்குப் பதிலாகப் புதிய செக் வேண்டுதல்.

தங்கள் பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததற்கான எனது பில் எண் 37, நாள் 03.06.2024, தொகை ரூ.48,000. இதில் வருமான வரிப் பிடித்தம் ரூ.480 போக, மீதம் ரூ.47,520-க்கு (நாற்பத்தேழாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்) என் பெயரில் தாங்கள் தந்த செக்கின் எண் 004518, நாள் 12.06.2024. வங்கி, கிளை, தங்கள் கணக்கு எண் ஆகியவை இணைத்துள்ள நகலில் காண்க.

குடும்பத்தில் ஏற்பட்ட உடல்நலக் குறைவால் இந்த செக்கை உரிய காலத்தில் வங்கியில் செலுத்த இயலவில்லை. இதை நான் எந்த வங்கியிலும் செலுத்தவில்லை. வேறு யாருக்கும் மாற்றித் தரவும் இல்லை. அசல் செக்கை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதற்குப் பதிலாக ரூ.47,520-க்குப் புதிய செக் தரவும், அல்லது என் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தவும் வேண்டுகிறேன். வரி ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால் மீண்டும் பிடிக்க வேண்டியதில்லை. கணக்கு விவரத்துக்குப் பாஸ்புக் முதல் பக்க நகல் இணைத்துள்ளேன்.

செக்கைப் பெற்றுக்கொண்டதாகவும், இத்தொகை எனக்குத் தர வேண்டியுள்ளது என்றும் இக்கடிதத்தின் நகலில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், தொலைபேசி எண்)

கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அசல் செக்கை வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வந்தால், நம்மிடம் எந்தச் சான்றும் மிஞ்சாது. கொடுக்கும் முன் செக்கின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். முதலில் நகலை மட்டும் அனுப்பி, "புதிய செக் தயாரானதும் அசலைத் தருகிறேன்" என்று எழுதுவதும் முறைதான். அசலே தொலைந்துவிட்டால், வங்கியில் அந்த எண்ணுக்குப் பணம் நிறுத்தச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டு, உங்களிடம் முத்திரைத்தாளில் ஒரு ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். பழைய செக்கால் அவர்களுக்கு நஷ்டம் வந்தால் நீங்கள் ஈடுசெய்வீர்கள் என்பதே அதன் பொருள்.

"புது செக் எதற்கு, தேதியை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி அது முடியும். செக்கில் வேறெந்தத் திருத்தமும் கூடாது என்று சொன்ன ரிசர்வ் வங்கி, செக்கைப் புதுப்பிப்பதற்கான தேதித் திருத்தத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் கிளியரிங்கில் செக்கின் படம்தான் போகிறது. படத்தில் அடித்தல் திருத்தலைக் கண்டால் சந்தேகப்பட்டுத் திருப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. புது செக்கோ, நேரடியாகக் கணக்கில் செலுத்துவதோதான் தொல்லை இல்லாதது. தேதியை நாமே திருத்துவது மட்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்தால் அந்த செக்கே செல்லாது. குற்ற வழக்குக்கும் இடமாகும்.

காலாவதியான செக்கை வேண்டுமென்றே வங்கியில் போட்டு, ரிட்டர்ன் மெமோ வாங்கி, செக் மோசடி வழக்குப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செல்லுபடியாகும் காலத்துக்குள் வங்கிக்குப் போன செக்குக்குத்தான் 138-ஆவது பிரிவு பொருந்தும். தேதி தாண்டியதற்கு அது உதவாது; வங்கிக் கட்டணம்தான் நம் கணக்கில் பிடிபடும். அதே கடனுக்குப் புதிதாகத் தந்த செக், பணம் இல்லாமல் திரும்பினால் அந்தப் பிரிவு முழுமையாகப் பொருந்தும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம்.

தையல் கூடத்துப் பெண்மணிக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணைக் கணக்காளர் கணினியில் போட்டதும் பதிவு வந்துவிட்டது. பழைய செக்கின் குறுக்கே 'ரத்து' என்று எழுதித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். நகலில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பத்து நாளில் 47,520 ரூபாய் கணக்குக்கு வந்தது. இப்போது எந்த செக் வந்தாலும், மூன்று மாதம் முடியும் தேதியை அவர் அளவு நோட்டின் அட்டையில் பென்சிலால் எழுதிவைக்கிறார். வங்கியில் போட்ட பிறகுதான் அந்தத் தேதியை அழிக்கிறார்.