ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இப்போது வரும் பல மாடல்களில் இந்தச் சூடு பக்கவாட்டுத் தகடுகள் வழியாகவே வெளியேறுகிறது. அதனால் பக்கங்களில் தலா 5 செ.மீ., பின்னால் 5 முதல் 10 செ.மீ., மேலே குறைந்தது 10 செ.மீ. விடுவது நல்லது. மாடலுக்கு மாடல் இது மாறும். கையேட்டில் சொன்ன அளவே முடிவானது. ஓடும்போது தகடு சற்றுச் சூடாவது இயல்பு. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டு, கம்ப்ரசரும் நிற்காமல் ஓடினால், முதலில் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் 10 செ.மீ. வேண்டும்; இல்லாவிட்டால் ஹோஸ் மடங்கிவிடும். கழிவுநீர் ஹோஸின் உயரமும் முக்கியம். பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் அதன் முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாகப் போட்டால், அல்லது குழாய்க்குள் காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்தால், நிரம்பும்போதே தண்ணீர் தானாக இழுபட்டு வெளியேறும். மெஷின் நிரம்பாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இருப்பதும், அதே நேரத்தில் சாக்கடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்பதும் இதற்கு அடையாளம்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே 150 செ.மீ. அகலமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் 60, ஃப்ரண்ட் லோட் மெஷின் 60. மீதி 30 செ.மீ. தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 30 எங்கே விழுகிறது என்பதே கேள்வி. நம் ஊரில் விற்கும் ஃபிரிட்ஜ்களில் கீல் பெரும்பாலும் வலப்பக்கம். ஃபிரிட்ஜை வலது சுவரோரம் 5 செ.மீ. விட்டு நிறுத்தினால், கதவு 90 பாகையைத் தாண்டியதும் சுவரில் இடிக்கும். பால் பாத்திரம் எடுக்க அது போதும். காய்கறிப் பெட்டியை முழுதாக இழுக்கப் போதாது, கதவின் உள் தட்டுகள் குறுக்கே நிற்கும். பெட்டியைக் கழற்றிக் கழுவுவதே பெரும்பாடு.

ஃபிரிட்ஜை இடப்பக்கம் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். இடது சுவரிலிருந்து 5, ஃபிரிட்ஜ் 60, நடுவில் 10, மெஷின் 60, வலது சுவர் வரை 15. ஃபிரிட்ஜின் முகப்பு மெஷினின் முகப்புக்குப் பின்னே போகாமல் இருந்தால், அதன் கதவு மெஷின் முன்னே தடையின்றி விரியும். வலப்பக்க 15 செ.மீ.யில் குழாயும் கழிவுநீர் இணைப்பும் கைக்கு எட்டும்படி அமையும். ஹோஸ் கசிந்தால் மெஷினை இழுக்காமலே குழாயை மூடலாம். பிளக்கை இரண்டு மெஷினுக்கும் பின்னால் மறைக்காமல், தண்ணீர்க் குழாய்க்கு விலகி, அதைவிட உயரத்தில் பக்கவாட்டில் வைப்பது பாதுகாப்பு.

எதிரே சுமார் 100 செ.மீ. காலி இடம் இருந்தால், மெஷின் கதவைத் திறந்து, குனிந்து துணி எடுக்கலாம். டாப் லோட் மாடல் என்றால் முன்புறத்தைவிட மேற்புறமே கவனிக்க வேண்டியது. மூடியை முழுதாகத் திறந்த உயரத்தை அளந்து, அலமாரியையும் தண்ணீர்க் குழாயையும் அதற்கு மேலே அமைக்க வேண்டும். இடத்தின் அகலத்தைத் தரையோரம், இடுப்பு உயரம், தலை உயரம் என மூன்று இடத்தில் அளப்பது அவசியம். அடிச்சுவர் டைல்ஸ் இருபுறமும் ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே வந்திருக்கும், கணக்கில் எடுக்க வேண்டியது மூன்றில் மிகக் குறைந்த அளவை.