சில துளி நீரும் பீட் புகையும்

விஸ்கி ஊற்றிய கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு துளிப்பானால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நொடிகளுக்கு ஒரு காட்சி தெரியும். நீர் இறங்கும் இடத்தில் பளபளப்பான இழைகள் நெளிந்து சுழன்று மெல்லக் கரையும். ஆல்கஹாலும் நீரும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் தெரியும் கோடுகள் அவை. அந்த நேரத்தில் குவளையின் வாயருகே மூக்கை வைத்தால், முதலில் முகத்தில் அடித்த ஆல்கஹால் காரம் சற்றுத் தணிந்து, அதற்குப் பின்னால் இருந்த வாசனைகள் முன்னுக்கு வரும். ஸ்காட்லாந்தில் பல பீப்பாய்களின் சரக்கை முகர்ந்து பார்த்துக் கலவை செய்யும் தேர்ந்த கலவையாளர்கள் இதைத் தொழில் முறையாகவே செய்கிறார்கள். மாதிரியில் நீர் கலந்து, ஆல்கஹாலைச் சுமார் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே முகர்கிறார்கள். பெரும்பாலும் குடிப்பதில்லை. மூக்கே போதும்.

நீர் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃபிரிட்மேனும் ஒரு விளக்கம் தந்தார்கள். விஸ்கியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குவாயகால் என்ற அந்தப் பொருள்தான் புகை வாசனைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. நீர், ஆல்கஹால், குவாயகால் மூன்றையும் கணினியில் மூலக்கூறு மூலக்கூறாகக் கலந்து, எது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது குவாயகாலைச் சுற்றி ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு, அதைத் திரவத்தின் உள்ளேயே வைத்திருந்தன. 45 சதவீதமும் அதற்குக் கீழும் கதை மாறியது. நீர் மிகுந்த கலவையில் ஆல்கஹால் மேற்பரப்பை நாடி ஒதுங்கும். குவாயகாலும் அதோடு சேர்ந்து மேலே வந்து நின்றது. மேற்பரப்பில் நிற்பதுதான் காற்றில் கலந்து மூக்கை எட்டும்.

இது கணினியில் கட்டிய மாதிரி, அதுவும் மூன்றே பொருள்களைக் கொண்டது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பீப்பாயில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும் விஸ்கியை நீர் சேர்த்து நாற்பதுகளுக்கு இறக்கி பாட்டிலில் அடைக்கும் பழைய வழக்கத்துக்கும் இதற்கும் நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 30 மில்லி விஸ்கி 43 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. ஐந்து சொட்டு விட்டால் மொத்தம் 30.25 மில்லி. ஆல்கஹால் 42.6 சதவீதமாகும், அவ்வளவுதான். சொட்டு நீர் முழுக் குவளையின் வலிமையை மாற்றிவிடுவதில்லை. நீர் விழுந்த இடத்தில், மேற்பரப்பில், சிறிது நேரம் கலவை கலைகிறது. அந்தக் கலைவில் மணம் கிளம்புகிறது. அதனால்தான் நீர் விட்ட கையோடு முகர வேண்டும் என்கிறார்கள். நீர் சேர்க்காமல் பீப்பாய் வலிமையிலேயே அடைத்த 60 சதவீத விஸ்கி என்றால் விஷயம் வேறு. அதை 45-க்குக் கொண்டுவர 30 மில்லிக்கு 10 மில்லி நீர், அதாவது இரண்டு டீஸ்பூன் வேண்டும். அங்கே சொட்டுக் கணக்கு உதவாது.

எல்லா மணமும் நீர் பட்டதும் மேலே வந்துவிடும் என்பதும் சரியல்ல. நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்களில் நீளமான சங்கிலி கொண்டவை எண்ணெய் போன்றவை. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், நீரில் கரையாது. நீர் கூடக் கூட அவை ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிய திரள்களாகும். குளிர வைத்து வடிகட்டாத விஸ்கியில் நீர் விட்டால் மெலிதான மங்கல் படருவது இந்தத் திரள்களால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. ஆனால் இந்தத் திரள்கள் எண்ணெயில் கரையும் வேறு சில மணப்பொருள்களையும் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக நீர் ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்றை மூடவும் செய்கிறது.

அளவு மீறினால் என்னவாகும் என்பதை 2023-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. 25 வகை விஸ்கிகளைப் பல நிலைகளில் நீர் கலந்து, பயிற்சி பெற்ற குழுவினர் முகர்ந்து பார்த்தார்கள். மொத்தத்தில் நீரின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் போனபோது, ஒரே வகையைச் சேர்ந்த விஸ்கிகளைப் பிரித்தறிவது கடினமாகியது. ஸ்காட்ச் வகைகளில் புகை பின்வாங்கி, ஆப்பிள், பேரிக்காய் போன்ற பழ மணம் முன்னால் நின்றது. கணினி மாதிரி புகை மேலே வரும் என்றதே, இது முரணாக இல்லையா? முரண் இல்லை. மாதிரியில் புகைப்பொருள் ஒன்றுதான் இருந்தது. உண்மைக் குவளையில் அதோடு பழ மணங்களும் கிளம்புகின்றன. எது ஓங்கி நிற்கிறதோ அதைத்தான் மூக்கு முதலில் சொல்லும். புகையைத் தேடி முகர்பவர் டீஸ்பூனுக்கு டீஸ்பூன் நிறுத்தி முகர வேண்டியது இதனால்தான்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஐலா தீவு இதற்குப் பேர்போனது. அங்குள்ள சதுப்பு நிலங்களில் பாசியும் புல்லும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைகுறையாக மட்கிப் படிந்த கரிய மண்தான் பீட். அதைச் செங்கல் போல வெட்டி, காற்றில் உலர்த்தி எரிப்பார்கள். பார்லியை ஊற வைத்து முளைகட்டிய பிறகு, முளை மேலும் வளராமல் நிறுத்த உலைக்கு மேல் பரப்பி உலர்த்த வேண்டும். அந்த உலையில் பீட் எரிந்தால், அதன் புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஈரமான பார்லி உமியில் ஒட்டிக்கொள்ளும். தானியம் உலர்ந்துவிட்டால் புகை அவ்வளவாக ஒட்டாது. எனவே முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வேலையாட்கள் நெருப்பைக் கொழுந்துவிட விடாமல் அடக்கி, புகைய வைப்பதும் இதற்காகத்தான்.

இந்த ஃபீனால்களின் வாசனை தமிழ் வீடுகளுக்குப் புதியதல்ல. கறுப்பு பினாயிலில் உள்ள கிரிசால்கள் பீட் புகையிலும் உண்டு. டெட்டாலின் மூலப்பொருளும் அதே குடும்பம். லஃப்ராய்க் விஸ்கியை முதன்முதலாக முகர்பவர்கள் ஆஸ்பத்திரி வராந்தா என்று சொல்வது கற்பனை அல்ல, வேதியியல்.

புகையின் அளவைப் பிபிஎம் என்ற எண்ணால் சொல்வார்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று பொருள். ஆர்ட்பெக் 55, லஃப்ராய்க் 40-ஐ ஒட்டி. ஆனால் இந்த எண் உலர்த்திய பார்லியில் அளந்தது. பாட்டிலில் அளந்தது அல்ல. அரைத்து ஊற வைத்து, நொதிக்க வைத்து, காய்ச்சி வடிக்கும் வழியில் அதில் பெரும்பங்கு போய்விடும். லாகவுலின், கொலீலா இரண்டும் இதற்கு நல்ல சாட்சி. இரண்டுமே ஐலாவில் உள்ளவை; இரண்டுக்கும் அதே தீவின் போர்ட் எலன் முளைகட்டு ஆலையிலிருந்து ஏறக்குறைய 35 பிபிஎம் பார்லி வருகிறது. ஆனாலும் லாகவுலின் அடர்ந்த, கனத்த புகை. கொலீலாவில் புகை மெல்லியது, எலுமிச்சைத் தோல் போன்ற சுத்தமான மணம் கூட வரும். வித்தியாசம் செப்பு வாலையில் இருக்கிறது. கொலீலா தன் பெரிய வாலைகளில் மேலே நிறைய இடம் விட்டுக் காய்ச்சுகிறது. ஆவி செம்பின் மேல் நெடுநேரம் பட்டு, கனமான பொருள்கள் மீண்டும் கீழே வழிந்துவிடும். லாகவுலின் வாலையை ஏறக்குறைய நிரப்பி, நிதானமாகக் காய்ச்சுகிறது. ஃபீனால்கள் பெரும்பாலும் வடிப்பின் பின்பகுதியில்தான் வரும் என்பதால், எந்த நேரத்தில் குழாயைத் திருப்பிச் சேகரிப்பை நிறுத்துகிறார்கள் என்பதும் புகையைத் தீர்மானிக்கும்.

கடல் காற்றும் தீவும்தான் புகை மணத்தைத் தருகின்றன என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதே ஐலாவில் புன்னஹாபன் ஆலையின் வழக்கமான விஸ்கியில் பீட் புகை கிட்டத்தட்ட இல்லை. பீட் எரிக்காவிட்டால் புகை இல்லை.

பீப்பாய் தரும் மணம் முற்றிலும் வேறு பாதையில் வருகிறது. புகை வடிப்பதற்கு முன்பே தானியத்தில் ஏறிவிடுகிறது; மரம் வடித்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. வாலையிலிருந்து இறங்கும் சரக்கு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஸ்காட்ச் என்ற பெயர் பெற அது ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். அமெரிக்காவில் போர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு முறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. சூட்டில் மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் ஆகிறது. அதுதான் வெனிலா மணம். ஓக் லாக்டோன் தேங்காய் மணம் தருகிறது. யூஜினால் கிராம்பில் இருக்கும் அதே பொருள். ஷெர்ரி மது இருந்த ஐரோப்பிய ஓக் பீப்பாய் என்றால் உலர்திராட்சை மணமும் துவர்ப்பும் சேரும். நிறத்தை வைத்து மரத்தை எடைபோடக் கூடாது. ஸ்காட்சில் காரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், கருக்கிய மரத்திலிருந்தும் கொஞ்சம் குவாயகால் வரும். ஆகவே பீட்டே படாத போர்பனிலும் ஒரு கருகல் வாடை தோன்றலாம். அதை முகர்ந்து ‘புகை’ என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் மரத்தின் கருகல் வெனிலாவோடும் கிராம்போடும் சேர்ந்து, இனிப்பாக வரும். பீட்டின் புகையில் கிரிசால்கள் இருப்பதால் தார், பினாயில், ஈரச் சாம்பல் என்று போகும். மருந்து வாடை இருந்தால் பீட் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். இதிலும் ஒரு விலக்கு உண்டு: பீட் விஸ்கி இருந்து காலியான பீப்பாயில் புகையற்ற விஸ்கியைச் சில மாதம் வைத்தால், மரத்தில் ஊறியிருந்த புகை அதில் இறங்கும். அங்கே பீட்டே பீப்பாய் வழியாக வருகிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் ஏறும், புகை இறங்கும். ஒரே ஆலையின் 10 ஆண்டு விஸ்கியில் கூர்மையாக நிற்கும் புகை, 25 ஆண்டு விஸ்கியில் பழத்துக்கும் மரத்துக்கும் பின்னால் போயிருக்கும்.

இந்தியாவில் இரண்டையும் ஒரே குவளையில் பார்க்க விரும்பினால் பெங்களூருவின் அம்ருத் ஃபியூஷன் பொருத்தமான உதாரணம். அதில் இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தில் பீட் புகையூட்டிய பார்லியும் சேர்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரு வெப்பத்தில் அது 10 சதவீதத்தையும் தொடும். பல பத்தாண்டு காத்திருக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை, சில ஆண்டுகளிலேயே மரம் நன்றாக ஊறிவிடுகிறது. இதன் வலிமை 50 சதவீதம். 30 மில்லிக்கு முக்கால் டீஸ்பூனுக்குக் குறைவான நீர், சரியாகச் சொன்னால் 3.3 மில்லி, சேர்த்தால் 45 ஆகும். நீர் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை, சேர்த்தவுடன் ஒரு முறை, ஐந்து நிமிடம் விட்டு ஒரு முறை முகர்ந்தால், வெனிலாவும் புகையும் இடம் மாறுவதை அடுத்தடுத்துக் கவனிக்கலாம்.