துபாயில் புராஜெக்ட் இன்ஜினீயர், சென்னையில் யார்?

"வணக்கம் சார். துபாயில் எனக்கு 13 வருட அனுபவம். பல மெகா புராஜெக்ட்களில் வேலை பார்த்திருக்கிறேன். குடும்பக் காரணங்களுக்காகச் சென்னையில் செட்டில் ஆகலாம் என்று இருக்கிறேன். என் அனுபவத்துக்குத் தகுந்த எந்த வேலையானாலும் சரி. சம்பளம் பேசிக்கொள்ளலாம். பயோடேட்டா இணைத்துள்ளேன்."

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்ப நினைப்பவர் வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சிக்கு அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இங்கே எழுதியிருப்பது ஓர் உதாரணத்துக்காக. மெக்கானிக்கல் படித்தவர், வயது 38, உயரமான கட்டடங்களில் ஏசி, பிளம்பிங், தீயணைப்புக் குழாய் வேலைகளைப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மரியாதையான செய்திதான், ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் என்று புரிய, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் பிழைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கன்சல்டன்சிக்குக் காசு. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், இந்தியாவில் பரவலாகப் பேசப்படும் கணக்கு. சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் கிளம்பிவிட்டால் இன்னொருவரை இலவசமாகப் பிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால் அவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்விகள். கம்பெனி கொடுத்திருக்கும் காலியிடத்தில் இவரை எந்தப் படியில் உட்காரவைப்பது? வந்தால் நிற்பாரா, இல்லை அடுத்த விசா கிடைத்ததும் பறந்துவிடுவாரா?

'எந்த வேலையானாலும் சரி' என்ற வரி முதல் கேள்வியிலேயே சறுக்குகிறது. பணிவு என்று நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ, இவருக்கே தன் இடம் தெரியவில்லை என்றுதான் படும்.

படியைச் சொல்ல பதவிப்பெயர் மட்டும் போதாது. துபாய் ஒப்பந்த நிறுவனத்தில் புராஜெக்ட் இன்ஜினீயர் என்று இருப்பவர் 60 பேரை மேய்த்து, கோடிக்கணக்கான வேலைக்குப் பொறுப்பாக இருப்பார். அதே பெயரில் சென்னையில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம்கூட ஆகாதவராக இருக்கலாம். இந்தியாவுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. பெல், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் ஏ.ஜி.எம். என்பவர் டி.ஜி.எம்.முக்கு மேலே, ஸ்டேட் பேங்கில் கீழே. ஆகவே எனக்கு மேனேஜர் பதவி வேண்டும் என்று கேட்பதைவிட, எவ்வளவு பெரிய வேலை, கீழே எத்தனை பேர், யாருக்குப் பதில் சொன்னீர்கள், எந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்தோடு காரியம் முடிந்தது என்பதை எழுதினால், படியை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். நான்கில் கடைசியானதுதான் கனமானது. சப்-கான்ட்ராக்டரின் மாத பில்லைச் சரிபார்த்து மேலே அனுப்பியவர் வேறு, தானே பாஸ் செய்தவர் வேறு.

அங்கத்திய பெயர்களையும் அப்படியே விடக்கூடாது. டேவா அனுமதி வாங்கினேன் என்றால் சென்னையில் இருப்பவருக்கு விளங்காமல் போகலாம். துபாயின் மின்சார, குடிநீர் வாரியம் என்று சேர்த்தால், நம் மின்வாரியத்தோடு ஒப்பிட்டு அது என்ன வேலை என்று உடனே பிடிபடும்.

இப்போது அதே மனிதர் அதே செய்தியைத் திருத்தி எழுதுகிறார். நிஜத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் இப்படி:

"வணக்கம் சார். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். சென்னையில் 3 வருடம், துபாயில் 13 வருடம். இப்போது 40 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏசி, பிளம்பிங், தீயணைப்பு வேலைகளுக்குப் பொறுப்பு. மதிப்பு 3.2 கோடி திர்ஹம், சுமார் 73 கோடி ரூபாய். என்னிடம் 4 இன்ஜினீயர்கள், 60 தொழிலாளர்கள். சப்-கான்ட்ராக்டர் பில்களை நானே பாஸ் செய்கிறேன். புராஜெக்ட் மேனேஜருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். டேட்டா சென்டர் அல்லது வணிகக் கட்டடத்தில், ஒரு சைட்டின் இந்த வேலைகள் முழுவதையும் தனிப்பொறுப்பாகப் பார்க்கும் இடம் தேடுகிறேன். உங்கள் கணக்கில் சீனியர் மேனேஜர் படி என்று நினைக்கிறேன். பெரிய சைட்டாக இருந்தால் மேனேஜர் படியும் சம்மதம். நான் இங்கே வந்த பிறகு வந்த தேசியக் கட்டட விதிகள் 2016-ஐ இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையின் இன்றைய சப்ளையர் விலைகள் எனக்குப் புதிது. மனைவியும் பிள்ளைகளும் ஏப்ரலிலேயே தாம்பரம் வந்துவிட்டார்கள், பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர்ந்தாகிவிட்டது. ஆபர் கிடைத்த 30 நாளில் சேரலாம். எதிர்பார்ப்பு வருடம் 26 லட்சம்."

தனக்குத் தெரியாததை அவர் சொல்லியிருப்பது சிலருக்கு உறுத்தும். என்னைக் கேட்டால் அந்த வரி இருக்கட்டும். இன்டர்வியூவில் எப்படியும் கேட்கப்போகும் கேள்வி அது. முன்பே சொன்னவரை, மற்ற வரிகளிலும் நம்பலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது தாம்பரம் வரிதான். 'நிரந்தரமாக வருகிறேன்' என்று எத்தனை முறை எழுதினாலும், பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த செய்திக்கு ஈடாகாது. 30 நாள் என்பதும் யோசித்து எழுத வேண்டியது. அமீரகச் சட்டப்படி நோட்டீஸ் காலம் குறைந்தது 30 நாள், அதிகம் 90 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று பார்த்த பிறகே எண்ணைப் போட வேண்டும்.

26 லட்சம் எங்கிருந்து வந்தது? அவருக்கு இப்போது மாதம் 18,000 திர்ஹம். திர்ஹமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் வருடம் ஏறக்குறைய 50 லட்சம். அந்தத் தொகையை எழுதியிருந்தால் செய்தி அங்கேயே மூடப்பட்டிருக்கும். அவர் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். வாடகைக்கு 6,500, பிள்ளைகள் படிப்புக்கு 3,000, கார், சாப்பாடு, மற்றதெல்லாம் 4,500 என்று போய், மிச்சம் 4,000 திர்ஹம், ரூபாயில் 92,000. சென்னையில் சொந்த வீடு இருக்கிறது. 26 லட்சத்தில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, தன் பங்கு பி.எஃப்., வருமான வரி எல்லாம் போக, கைக்கு மாதம் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் வரும். வீட்டுச் செலவு 65,000-க்குள் அடங்கினால் மிச்சம் அதே அளவுதான். வாடகை வீடு என்றால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது எதிர்பார்ப்பை ஏற்ற வேண்டும், அல்லது சேமிப்பு குறையும் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

செய்தி சரியாக இருந்தால் போன் வரும். முதல் கேள்வி அநேகமாக, "இப்போ உங்க சி.டி.சி. எவ்ளோ சார்?" 50 லட்சம் என்றோ, சொல்ல விருப்பமில்லை என்றோ பதில் சொல்லத் தேவையில்லை. "மாசம் 18,000 திர்ஹம், வீட்டு வாடகை அதுக்குள்ளதான், வரி கிடையாது. ஊர்க் கணக்குல பார்த்துத்தான் 26 கேட்கிறேன்" என்றால் போதும். அடுத்து ஃபார்ம் 16, மூன்று மாத சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள். துபாய்க்காரரிடம் ஃபார்ம் 16 இருக்காது. சம்பளச் சான்றிதழ், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், பணி அனுபவச் சான்றிதழ் மூன்றும் அதற்கு மாற்று. அங்கே வேலையை விடும்முன்பே இவற்றை வாங்கி வைப்பது நல்லது. விசா ரத்தாகி ஊர் வந்த பிறகு பழைய கம்பெனியின் ஹெச்.ஆர்.ஐ மின்னஞ்சலில் துரத்துவது பெரும்பாடு.

ஆபர் வந்ததும் அந்த 26 லட்சத்தில் எவ்வளவு நிலையான சம்பளம், எவ்வளவு வருடக் கடைசியில் 'செயல்திறனைப் பொறுத்து' தரப்படுவது என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு லட்சம் அந்தப் பக்கம் போயிருந்தால், கைக்கு மாதாமாதம் வருவது ஒன்றரை லட்சத்தைத் தொடாது.