ஒரே கட்டத்தில் பல பதில்: பிரித்து எண்ணுவது எப்படி?

ஒரு சிறிய நூலகம் தன் வாசகர்களிடம் கூகுள் ஃபார்ம் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: “எந்த வகைப் புத்தகங்களை விரும்பிப் படிப்பீர்கள்? எத்தனையை வேண்டுமானாலும் டிக் செய்யலாம்.” பதில்கள் கூகுள் ஷீட்டில் வந்து விழும்போது, ஒருவர் டிக் செய்த எல்லாமே ஒரே கட்டத்துக்குள், இடையில் காற்புள்ளியும் ஒரு இடைவெளியும் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். ஆறு பேரின் பதில்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். B2 முதல் B7 வரை உள்ள கட்டங்களில் அவை இருக்கின்றன.

```
B2  நாவல், கவிதை
B3  வரலாற்று நாவல்
B4  கட்டுரை, சமையல்
B5  நாவல், வரலாற்று நாவல், கட்டுரை
B6
B7  கவிதை, வரலாற்று நாவல்
```

கண்ணால் படிக்க இது வசதிதான். ஆனால் எத்தனை பேர் கவிதை கேட்டார்கள், நாவலையும் வரலாற்று நாவலையும் சேர்த்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கணினியிடம் கேட்க இந்த வடிவம் உதவாது.

பலரும் முதலில் செய்வது, Data பட்டியலில் உள்ள Split text to columns கட்டளையால் கட்டத்தை உடைப்பது. பதில்கள் தனித்தனி நெடுவரிசைகளுக்குப் போய்விடும். ஆனால் முதல் நெடுவரிசையில் முதல் நபருக்கு ‘நாவல்’, மூன்றாமவருக்கு ‘கட்டுரை’, கடைசி நபருக்கு ‘கவிதை’ என்று கலந்து கிடக்கும். பட்டியலில் முதலில் நின்றது எது என்பதை மட்டுமே அந்த நெடுவரிசை சொல்கிறது. நமக்கு வேண்டியது அதுவல்ல. ‘கவிதை’ என்று தலைப்பிட்ட ஒரு நெடுவரிசை இருக்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் நேராக, கேட்டார் என்றால் 1, கேட்கவில்லை என்றால் 0 இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒன்று.

அதற்காக C1 முதல் G1 வரை நாவல், வரலாற்று நாவல், கவிதை, கட்டுரை, சமையல் என்று தலைப்புகளை எழுதிக்கொள்கிறோம். இனி ஒவ்வொரு கட்டத்திலும், மேலே உள்ள தலைப்புச் சொல் இடப்பக்கப் பதிலுக்குள் இருக்கிறதா என்று தேடச் சொன்னால் போதும் என்று தோன்றும். இங்கேதான் சறுக்கல். ‘வரலாற்று நாவல்’ என்பதற்குள்ளேயே ‘நாவல்’ இருக்கிறது. வெறுமனே தேடினால் B2, B3, B5, B7 என நான்கு பேர் நாவல் கேட்டதாகக் கணக்கு வரும். உண்மையில் நாவல் என்பதை டிக் செய்தவர்கள் இரண்டே பேர். வரலாற்று நாவலைக் கேட்டவர்களோ மூன்று பேர். தவறான கணக்கை நம்பினால் முதலிடம் மாறிப்போய், நூலகம் வேறு புத்தகங்களை வாங்கிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண்களும் நம்பும்படியாகவே இருக்கும்.

இதற்கு மருந்து காற்புள்ளியிலேயே இருக்கிறது. முழுப் பதிலின் முன்னும் பின்னும் நாமே காற்புள்ளிகளை ஒட்டிவிட்டு, தேடும் சொல்லுக்கும் அதேபோல் ஒட்டித் தேட வேண்டும். C2 கட்டத்தில் எழுத வேண்டியது இது:

```
=IF($B2="","",IF(ISNUMBER(SEARCH(", "&C$1&",",", "&$B2&",")),1,0))
```

இப்போது கணினி தேடுவது “, நாவல்,” என்ற துண்டை. வரலாற்று நாவலில் ‘நாவல்’ என்பதற்கு முன்னால் இடைவெளி உண்டு, காற்புள்ளி இல்லை. ஆகவே அது சிக்காது. $ குறிகளுக்கும் வேலை இருக்கிறது. ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தாலும் பதில் B நெடுவரிசையிலிருந்தே எடுக்கப்படும். கீழே இழுத்தாலும் தலைப்பு முதல் வரிசையிலிருந்தே எடுக்கப்படும். எனவே ஒரு முறை எழுதி, G7 வரை இழுத்துவிட்டால் அட்டவணை முழுதும் நிரம்பிவிடும்.

தொடக்கத்தில் உள்ள IF, பதிலே தராத B6-க்கானது. அவருக்கு 0 போட்டால், ‘கவிதை வேண்டாம்’ என்று அவர் சொன்னதாக ஆகிவிடும். அவர் எதுவுமே சொல்லவில்லை. அவருடைய வரிசையை வெறுமையாக விட்டால், =AVERAGE(C2:C7) என்ற கணக்கு அவரைத் தானாகவே ஒதுக்கிவிட்டு, பதில் சொன்ன ஐந்து பேரில் இரண்டு பேர், அதாவது 40 சதவீதம் என்று சரியாகச் சொல்லும். பைத்தான் மொழியில் பாண்டாஸ் பயன்படுத்துபவர்கள் str.get_dummies(sep=", ") என்ற ஒரே கட்டளையில் இந்த அட்டவணையைப் பெறலாம். ஆனால் அது வெற்றுக் கட்டத்துக்கும் வரிசை முழுக்க 0 போட்டுவிடும்; அந்த வரிசைகளைப் பிறகு தனியே நீக்க வேண்டும்.

நமது அட்டவணையில் நாவல் 2, வரலாற்று நாவல் 3, கவிதை 2, கட்டுரை 2, சமையல் 1. சதவீதமாக 40, 60, 40, 40, 20. கூட்டினால் 200 வருகிறதே என்று திகைக்க வேண்டாம். ஒருவர் பலவற்றை டிக் செய்யலாம் என்பதால் இங்கே 100-ஐத் தாண்டுவது இயல்பு. சராசரியாக ஒருவர் இரண்டு வகைகளைக் கேட்டிருக்கிறார் என்பதே 200-இன் பொருள். இத்தகைய கணக்கை வட்ட வரைபடமாகப் போடக்கூடாது. பட்டை வரைபடமே பொருந்தும். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களை =COUNTIFS(C2:C7,1,D2:D7,1) என்று கேட்டால் 1 என்று விடை வரும். அது B5-இல் இருப்பவர்.

வகைகளின் பட்டியல் முன்கூட்டியே தெரியாவிட்டால் பதில்களிலிருந்தே திரட்டலாம்:

```
=ARRAYFORMULA(UNIQUE(TRIM(FLATTEN(IFERROR(SPLIT(B2:B7,","))))))
```

இங்கே பிரிக்கும் குறியாகக் காற்புள்ளியை மட்டும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். காற்புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்துக் கொடுத்தால், கூகுள் ஷீட்டின் SPLIT இரண்டையும் தனித்தனிக் குறிகளாக எடுத்துக்கொண்டு, ‘வரலாற்று’, ‘நாவல்’ என்று ஒரு வகையை இரண்டாக்கிவிடும். மிஞ்சும் இடைவெளிகளை TRIM துடைத்துவிடும். வெற்றுக் கட்டங்களுக்காகப் பட்டியலில் ஒரு வெற்று வரி வரலாம், அதை விட்டுவிடலாம்.

கணக்கு சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒரு கட்டத்தில் எத்தனை சொற்கள் இருக்க வேண்டும் என்பதைக் காற்புள்ளிகளை எண்ணி, ஒன்று கூட்டி H2-இல் கண்டுபிடிக்கலாம்:

```
=IF($B2="",0,LEN($B2)-LEN(SUBSTITUTE($B2,",",""))+1)
```

இது அந்த வரிசையின் =SUM(C2:G2) விடையோடு பொருந்த வேண்டும். நமது ஆறு வரிசைகளிலும் பொருந்துகிறது. இரு பக்கமும் கூட்டினால் 10. பொருந்தாத வரிசையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் தெரியும். ஒருவர் ‘மற்றவை’ என்ற இடத்தில் ‘சரித்திர நாவல்’ என்று தானாக எழுதியிருப்பார். அதற்கு நெடுவரிசை இல்லை. அல்லது ஃபார்மில் ஒரு விருப்பத்தின் பெயரிலேயே, ‘சமையல், உடல்நலம்’ என்பதுபோல், காற்புள்ளி இருக்கும். இரண்டாவதைத் தவிர்க்க, விருப்பங்களில் ‘சமையல் - உடல்நலம்’ என்று கோடு போட்டு எழுதுவதே நல்லது.

சோதனையிலும் பிடிபடாத ஒன்று உண்டு. பாதியில் ஃபார்மில் ‘பயணம்’ என்ற புதிய விருப்பத்தைச் சேர்த்தால், அதற்கு முன் பதில் அளித்தவர்களுக்கெல்லாம் ‘பயணம்’ நெடுவரிசையில் 0 விழும். அவர்களிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. A நெடுவரிசையில் கூகுள் தானாகப் பதியும் நேரத்தைப் பார்த்து, விருப்பம் சேர்ந்த நாளுக்கு முந்தைய வரிசைகளில் அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் வெறுமையாக்கிய பிறகே சதவீதம் எடுக்க வேண்டும்.