எந்தப் படியில் இருக்கிறோம்?

கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொந்த விவரம், கல்லூரி, வங்கிக் கணக்கு, சரிபார்ப்பு என்று அதில் நான்கு பக்கங்கள். கண் தெரிந்த மாணவி ‘அடுத்து’ பொத்தானை அழுத்தியதும் மேலே உள்ள பட்டையில் அடுத்த வட்டம் நிறம் மாறுவதைப் பார்த்துவிடுகிறாள். பார்வையற்ற மாணவிக்கு, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் ‘கல்வி உதவித்தொகை’ என்று மட்டும் சொல்கிறது. முந்தைய பக்கத்திலும் அதையேதான் சொன்னது. பக்கம் மாறியதா, அதே பக்கம் திரும்ப வந்ததா என்று அறிய அவள் உள்ளே இறங்கி வரிவரியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரீன் ரீடர் அப்படிச் சொல்வதற்குக் காரணம், பக்கத்தின் மறைவான பகுதியில் எழுதப்படும் `<title>` என்ற ஒரு வரி. பிரவுசரின் டேப் மேல் தெரிவது அதுதான். பார்ப்பவர்கள் அதை அநேகமாகக் கவனிப்பதே இல்லை. ஆனால் புதிய பக்கம் திறந்ததும் ஸ்க்ரீன் ரீடர் பொதுவாக முதலில் வாசிப்பது இந்த வரியைத்தான். நான்கு பக்கங்களுக்கும் ஒரே அச்சைப் பயன்படுத்தி நிரல் எழுதும்போது தலைப்பும் ஒன்றாகவே தங்கிவிடுகிறது.

பக்கத்தின் பொருளையோ நோக்கத்தையோ தலைப்பு சொல்ல வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அடிப்படை நிலை விதி. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் எண் 2.4.2. படிவத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு விதியை நிறைவேற்றியதாக வாதாட இடமுண்டு. ஆனால் படிவத்தை நிரப்புகிறவருக்கு அது போதாது. மூன்றாம் பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்தால் அவருக்குச் சிக்கல் தீரும்:

```
<title>வங்கிக் கணக்கு (படி 3, மொத்தம் 4) – கல்வி உதவித்தொகை</title>
```

சொற்களின் வரிசைதான் இதில் முக்கியம். பக்கத்துக்குப் பக்கம் மாறும் பகுதி முதலில், மாறாத பெயர் கடைசியில். பழகியவர்கள் ஸ்க்ரீன் ரீடரை மிக வேகமாகப் பேசவைத்து, வேண்டியது கிடைத்ததும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். படிவத்தின் பெயர் முன்னால் நின்றால், ஒவ்வொரு முறையும் அதைக் கடந்துதான் புதிய செய்திக்கு வர வேண்டும்.

பக்கம் திறக்கும் கணத்தோடு தலைப்பின் வேலை முடிவதில்லை. மூன்றாம் படியில் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு கேட்கிறார்கள். மாணவி அதைத் தேட வேறு டேபுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது ஸ்க்ரீன் ரீடர் அந்த டேபின் தலைப்பைச் சொல்கிறது. ‘வங்கிக் கணக்கு’ என்று கேட்டதும் விட்ட இடம் தெரிந்துவிடுகிறது. பிரவுசரின் வரலாற்றுப் பட்டியலிலும் இதே தலைப்புகள்தான் வரும். நான்கும் ஒன்றாக இருந்தால், கல்லூரிப் பக்கத்துக்குத் திரும்ப எதைத் தேர்ந்தெடுப்பது?

பிரிட்டன் அரசின் GOV.UK தளத்துக்கான வடிவமைப்பு வழிகாட்டி பக்கத்தின் முதன்மைத் தலைப்பை முன்னால் வைத்து, சேவையின் பெயரை அடுத்து, தளத்தின் பெயரைக் கடைசியில் வைக்கிறது. நிரப்பியதில் தவறு இருந்து அதே பக்கம் மறுபடி வந்தால், தலைப்பின் தொடக்கத்தில் ‘Error: ’ என்று சேர்க்கச் சொல்கிறது. நம் மாணவி கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ‘பிழை: வங்கிக் கணக்கு’ என்று முதலிலேயே கேட்டால் என்ன நடந்தது என்பது உடனே புரியும். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால், பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பாள்.

எண் போடுவதில் ஓர் எல்லையும் உண்டு. முந்தைய பதிலைப் பொறுத்துப் பக்கங்கள் கூடவோ குறையவோ செய்யும் படிவத்தில், ‘மொத்தம் 4’ என்று சொல்லிவிட்டு ஐந்தாவது பக்கத்தைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தின் பெயரை மட்டும் தெளிவாக வைப்பதே நல்லது.

பல புதிய படிவங்களில் ‘அடுத்து’ அழுத்தினால் பக்கம் புதிதாகத் திறப்பதே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் உள்ளிருப்பதை மட்டும் மாற்றுகிறது. அங்கே தலைப்பைத் திருத்தினாலும் ஸ்க்ரீன் ரீடர் பெரும்பாலும் தானாக வாசிக்காது. போதாக்குறைக்கு, அழுத்திய பொத்தானும் மறைந்துபோவதால் கர்சர் நின்ற இடமே காணாமல் போகிறது. எனவே புதிய படியின் பெரிய எழுத்துத் தலைப்புக்கு `tabindex="-1"` கொடுத்து, இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்:

```
document.title = "வங்கிக் கணக்கு (படி 3, மொத்தம் 4) – கல்வி உதவித்தொகை";
document.querySelector("h1").focus();
```

இரண்டாவது வரி அந்தத் தலைப்பை உடனே வாசிக்கவைக்கும்; முதல் வரி, டேப் மாறித் திரும்பும்போது கைகொடுக்கும்.

சோதித்துப் பார்க்கத் தனி ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் விண்டோஸ் கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இன்செர்ட் விசையோடு T-ஐ அழுத்தினால் தலைப்பு ஒலிக்கும். மானிட்டரை அணைத்துவிட்டு ஒவ்வொரு படியிலும் அதை அழுத்திக் கேட்கலாம். ஒருமுறை வேண்டுமென்றே தவறான எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம்.