இரண்டு கிலோ ஈர நீராவியும் ஒரு பழைய வினாத்தாளும்

பொறியியல் கல்லூரிகளின் பழைய வெப்ப இயக்கவியல் வினாத்தாள்களைப் புரட்டினால், சிற்சில மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும் கணக்கு ஒன்று உண்டு. 0.4 கனமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு ‘ரிஜிட்’ கலனில் 2 கிலோ நீரும் நீராவியும் கலந்து 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இருக்கின்றன. அழுத்தம் 500 கிலோபாஸ்கல் ஆகும்வரை சூடேற்றினால் எவ்வளவு வெப்பம் தேவைப்படும்? தேர்வு அறைக்குள் ஸ்டீம் டேபிள் அனுமதி உண்டு. ஆனால் அதில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதைக் கேள்வி சொல்வதில்லை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அமைப்பு, அதாவது எதைச் சுற்றி எல்லைக்கோடு போடுவது என்பது. இங்கே கலனுக்குள் இருக்கும் 2 கிலோ நீரும் நீராவியும்தான் அமைப்பு. உள்ளே எதுவும் வருவதில்லை, வெளியே எதுவும் போவதில்லை. ஆகவே இது மூடிய அமைப்பு. கேள்வியில் ‘வால்வு’, ‘டர்பைன்’, ‘நாசில்’ போன்ற சொற்கள் வந்திருந்தால் பெரும்பாலும் பொருள் எல்லையைக் கடந்து ஓடும். அப்போது எழுத வேண்டிய சமன்பாடே வேறு.

அடுத்தது செயல்முறை. ‘ரிஜிட்’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கலன் விரியாது என்பதால் கனஅளவு மாறாது. கனஅளவு மாறாததால் நீராவி எதையும் தள்ளுவதில்லை. விரிவு வேலை பூஜ்யம். எனவே கொடுக்கும் வெப்பம் முழுவதும் அக ஆற்றலை உயர்த்தவே போகும்: Q = m(u2 − u1). அட்டவணையில் u என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிடுகிறது. அட்டவணையைத் திறப்பதற்கு முன்பே இது தெரிந்திருப்பது நல்லது.

இனி நிலைகள். ஒரு நிலையைக் குறிக்க ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகள் வேண்டும். ஈர நீராவிக்கு அழுத்தமும் வெப்பநிலையும் அப்படிப்பட்ட ஜோடி அல்ல. 100 கிலோபாஸ்கலில் கொதிக்கும் நீரின் வெப்பநிலை எப்போதும் 99.6 டிகிரிதான், ஒன்று தெரிந்தால் மற்றது தானே வந்துவிடும், புதிதாக ஒன்றும் கிடைக்காது. இங்கே கைகொடுக்கும் இரண்டாவது பண்பு ஒரு கிலோவுக்கான கனஅளவு. 0.4-ஐ 2-ஆல் வகுத்தால் 0.2. கலன் விரியாததால் தொடக்கத்திலும் முடிவிலும் இதே 0.2.

அழுத்த வாரியான அட்டவணையில் 100 கிலோபாஸ்கல் வரிசையில் நீரின் கனஅளவு 0.001043, உலர்ந்த நீராவியின் கனஅளவு 1.694. நம்முடைய 0.2 இரண்டுக்கும் நடுவில் விழுவதால் இது கலவைதான். கலவையில் நீராவியின் பங்கைச் சொல்லும் உலர்வுப் பின்னம் x = (v − vf)/(vg − vf). கணக்கிட்டால் 0.1175. எடையில் பன்னிரண்டு சதவீதம்கூட நீராவி இல்லை. ஆனாலும் கலனின் இடத்தை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்திருப்பது அதுதான். இதே பின்னத்தைக் கொண்டு அக ஆற்றல் 417.4 + 0.1175 × 2088.2, அதாவது கிலோவுக்குச் சுமார் 662.8 கிலோஜூல்.

முடிவு நிலையில் பலர் அவசரப்பட்டு மீவெப்ப நீராவி அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள், சூடேற்றியாயிற்றே என்ற நினைப்பில். 500 கிலோபாஸ்கலில் உலர்ந்த நீராவியின் கனஅளவு 0.3748. 0.2 அதைவிடக் குறைவு என்பதால் உள்ளே இன்னும் நீர் மிச்சம் இருக்கிறது. உலர்வுப் பின்னம் 0.532, அக ஆற்றல் சுமார் 1662 கிலோஜூல். இரண்டின் வித்தியாசத்தை 2 கிலோவால் பெருக்கினால் 1998 கிலோஜூல். இந்தக் கலனில் கடைசிச் சொட்டு நீரும் ஆவியாவது ஏறத்தாழ 970 கிலோபாஸ்கலில்தான். கேள்வியில் முடிவு அழுத்தம் 1000 என்று இருந்திருந்தால் மீவெப்ப அட்டவணை தேவைப்பட்டிருக்கும். சூத்திரத்தில் போட்டு x ஒன்றைத் தாண்டினால், தவறான பக்கத்தில் நிற்கிறோம் என்று பொருள்.

இக்கணக்கில் மதிப்பெண் பறிபோகும் இடம் இன்னொன்று உண்டு. u-வுக்குப் பதில் பக்கத்துப் பத்தியிலிருக்கும் என்தால்பியை எடுத்தால் விடை 2158 கிலோஜூல் வரும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. அதிகமாக வந்த 160 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும்: கனஅளவு 0.4-ஐ அழுத்த உயர்வு 400-ஆல் பெருக்கினால் அச்சாக 160. நடக்காத ஒன்றுக்கு வெப்பக் கணக்கு எழுதியதுதான் பிழை.

என்தால்பிக்குரிய இடம் வேறு. அதே 2 கிலோ, அதே தொடக்க நிலை, ஆனால் கலனுக்குப் பதில் உராய்வில்லாத பிஸ்டன் மூடிய சிலிண்டர் என்று கேள்வியை மாற்றிவிடுவோம். பிஸ்டன் தடையின்றி மேலேறுவதால் இப்போது மாறாதது அழுத்தம்; வெப்பம் என்தால்பி உயர்வுக்குச் சமம். முன்பு கொடுத்த அதே 1998 கிலோஜூலைக் கொடுத்தால் என்தால்பி கிலோவுக்கு 682.8-லிருந்து ஏறக்குறைய 1682 ஆகிறது. உலர்வுப் பின்னம் 0.56. கனஅளவு 0.4 கனமீட்டரிலிருந்து 1.9 கனமீட்டராகப் பெருக, பிஸ்டன் 150 கிலோஜூல் வேலை செய்கிறது. வெப்பநிலையோ 99.6 டிகிரியை விட்டு அசையவே இல்லை. அதே வெப்பத்துக்குக் கலனில் அது 151.8-ஐத் தொட்டிருந்தது.

பொருள் ஓடும் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படுவது திராட்டிலிங். 1000 கிலோபாஸ்கலில் வரும் ஈர நீராவியை ஒரு குறுகிய திறப்பின் வழியே 100 கிலோபாஸ்கலுக்கு இறக்குகிறார்கள். வெளிவருவது 120 டிகிரி. வெப்ப இழப்பு இல்லை என்பதைப் பார்த்ததும் என்ட்ரோபி மாறாது என்று எழுதுவது பழைய தவறு. திறப்பில் வேலை கறக்கப்படவில்லை, ஆகவே மாறாதது என்தால்பி. 120 டிகிரி 99.6-ஐத் தாண்டியிருப்பதால் வெளிவருவது மீவெப்ப நீராவி. அட்டவணையில் 100, 150 டிகிரி மதிப்புகளுக்கு இடையே இடைமதிப்பு கண்டால் கிலோவுக்குச் சுமார் 2716 கிலோஜூல். அதை முதல் நிலையில் வைத்தால் (2716 − 762.5)/2014.6, உலர்வுப் பின்னம் 0.97. வெளியே வெப்பமானி 99.6-ஐயே காட்டியிருந்தால் இந்த முறை பயன்படாது: அழுத்தமும் வெப்பநிலையும் மறுபடி ஒரே செய்தியைச் சொல்கின்றன.

மிகப் பழைய தாள்களில் அலகுகளிலும் கவனம் வேண்டும். ‘5 கிலோகிராம்-விசை, சதுர சென்டிமீட்டருக்கு, கேஜ்’ என்றிருந்தால் அது 490 கிலோபாஸ்கல். அதோடு வளிமண்டல அழுத்தம் 101-ஐச் சேர்த்து 591 என்ற அழுத்தத்தைத்தான் அட்டவணையில் தேட வேண்டும். கொதிநிலை சுமார் 158 டிகிரி. 500 வரிசையில் கைவைத்தவருக்கு 151.8 கிடைக்கும். குளிர்பதனக் கணக்குகளில் சிக்கல் வேறு மாதிரி. 0 டிகிரியில் R-134a திரவத்தின் என்தால்பி சில அட்டவணைகளில் 200, −40 டிகிரியைப் பூஜ்யமாகக் கொண்ட மற்றவற்றில் சுமார் 52. இரண்டும் சரியானவைதான், வித்தியாசங்கள் மட்டுமே விடையில் சேரும். ஆனால் ஒரு நிலைக்கு ஓர் அட்டவணையையும் அடுத்த நிலைக்கு இன்னொன்றையும் புரட்டினால் கிலோவுக்கு 148 கிலோஜூல் எங்கிருந்தோ முளைத்துவிடும்.