கணினியை முதலில் தொட்டது யார்?

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடப் பிரிவில் இருந்தவர் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். திங்கட்கிழமை காலை டீலர் ஒருவர் போன் செய்து, “உங்க புது இம்பெல்லர் டிராயிங் போட்டிக் கம்பெனிக்காரங்க கையில இருக்கே” என்கிறார். முதலாளி சிஸ்டம் பார்க்கிற பையனைக் கூப்பிடுகிறார். “தம்பி, அவன் கம்ப்யூட்டர்ல என்னென்ன பண்ணியிருக்கான்னு பாரு.”

தம்பியும் பார்க்கிறார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறக்கிறார், நாலைந்து டிராயிங்குகளைத் திறந்து மூடுகிறார், தன் பென்டிரைவைச் செருகி, சந்தேகப்பட்ட கோப்புகளை ஆதாரத்துக்கென்று நகல் எடுத்துக்கொள்கிறார். பதினைந்து நிமிட வேலை. வழக்கின் பாதி உயிர் அந்தப் பதினைந்து நிமிடத்திலேயே போய்விடுகிறது.

விண்டோஸ் ஓயாமல் குறிப்பெழுதிக்கொண்டே இருக்கும். யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பதை 4624 என்ற எண்ணோடு பாதுகாப்புப் பதிவேட்டில் எழுதும். ஒரு பென்டிரைவை முதன்முதலாகச் செருகிய நேரத்தை `setupapi.dev.log` என்ற கோப்பில் எழுதும். அந்த பென்டிரைவின் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் ரெஜிஸ்ட்ரியில் `USBSTOR` என்ற இடத்தில் போய் உட்காரும். போனவர் வெள்ளி மாலை ஒரு பென்டிரைவைச் செருகினாரா என்பதற்கான சாட்சியே இந்தக் குறிப்புகள்தான். இப்போது அவற்றின் பக்கத்திலேயே திங்கட்கிழமைக் குறிப்புகளும் சேர்ந்துவிட்டன. எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. “என் கட்சிக்காரர் போன பிறகு இந்தக் கணினியில் உட்கார்ந்தது யார்? அவர் என்னென்ன செய்தார்? அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?” என்ற மூன்று கேள்விகள் போதும்.

அப்படியானால் திங்கட்கிழமை காலை என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது, கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்பது. அணைந்திருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல் சும்மா ஆன் செய்தாலே விண்டோஸ் பல இடங்களில் எழுதத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. ரேம் நினைவகத்தில் இருப்பதெல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான். எந்த நிரல்கள் ஓடுகின்றன, எந்த வெளிக் கணினியோடு தொடர்பு இருக்கிறது, மறையாக்கம் செய்த டிஸ்க்கைத் திறந்து வைத்திருக்கும் சாவி என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு. சீக்கிரம் அழிவதை முதலில் எடு என்ற இந்த வரிசையை 2002லேயே ஆர்எஃப்சி 3227 என்ற இணைய ஆவணம் வகுத்துச் சொல்லிவிட்டது.

இதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு 2013 அக்டோபர் 1 ஒரு சான்று. ‘சில்க் ரோடு’ என்ற கள்ளச்சந்தை இணையதளத்தை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் பிடித்தார்கள். அவருடைய லேப்டாப் மறையாக்கம் செய்யப்பட்டது. மூடிவிட்டால் திறப்பது கடினம். அதனால் இரண்டு அதிகாரிகள் அவருக்குப் பின்னால் காதலர்கள் சண்டை போடுவதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில், திறந்திருந்த லேப்டாப்பைத் திறந்தபடியே இன்னொரு அதிகாரி எடுத்துக்கொண்டார். ஆளைப் பிடிப்பதைவிட மூடியைப் பிடிப்பதில் அன்று கவனம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

நம் கோவை நிறுவனத்துக்கு இவ்வளவு நாடகம் தேவையில்லை. கணினி ஓடுகிறது, திரை மட்டும் பூட்டியிருக்கிறது, நிர்வாகி கடவுச்சொல் நிறுவனத்திடமே இருக்கிறது. அதை வைத்து உள்ளே போய், வெளி டிஸ்க்கில் இருக்கும் ஒரு சிறு நிரலால் ரேமை முழுதாக நகல் எடுக்கிறார்கள். 16 ஜிபி ரேம் என்றால் ஏறக்குறைய 16 ஜிபி கோப்பு. சில நிமிடங்களில் முடியும். அந்தக் கோப்பு சந்தேகக் கணினியின் டிஸ்க்கில் விழக்கூடாது. விழுந்தால், அழித்த கோப்புகளின் எச்சங்கள் கிடக்கும் காலி இடத்தை அது மேலெழுதிவிடும்.

கவனமாகப் படிப்பவர் இங்கே மடக்குவார். உள்ளே நுழைந்ததும் ஒரு 4624 பதிவாகுமே, வெளி டிஸ்க்கைச் செருகியதும் `USBSTOR` தடம் விழுமே, நகல் எடுக்கும் நிரலே ரேமில் இடம் பிடிக்குமே? உண்மைதான். தடம் விழாமல் ஓடும் கணினியிலிருந்து எதையும் எடுக்க முடியாது. சிஸ்டம் பையன் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாளில் இருக்கிறது: ‘காலை 10.42, நிர்வாகி கணக்கில் நுழைந்தேன். இந்த வரிசை எண் கொண்ட வெளி டிஸ்க்கைச் செருகினேன். இந்த நிரலை ஓட்டினேன். கணினிக் கடிகாரம் என் கைப்பேசி நேரத்தைவிட 7 நிமிடம் பின்னால் ஓடுகிறது.’ கடைசி வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த 7 நிமிடம் தெரியாவிட்டால், கணினிப் பதிவையும் வாசல் கேமராப் பதிவையும் ஒத்துப் பார்க்கும்போது, ஆள் வெளியேறும் முன்பே செருகிய பென்டிரைவா, பிறகு செருகியதா என்பதே குழம்பிவிடும்.

அடுத்தது டிஸ்க். அது மறையாக்கம் செய்யப்பட்டதா, மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்க்கைக் கழற்றி, ‘ரைட் பிளாக்கர்’ வழியாக வேறொரு கணினியில் இணைக்கிறார்கள். படிக்கும் கட்டளைகளை மட்டும் விட்டு, எழுதும் கட்டளைகளைத் தடுத்து நிறுத்தும் சிறிய பெட்டி அது. பிறகு டிஸ்க்கின் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை, காலி இடம் உட்பட, ஒரே கோப்பாக நகல் எடுக்கிறார்கள். இதைத்தான் ‘இமேஜ்’ என்கிறார்கள். கோப்புகளை மட்டும் காப்பி செய்தால் அழித்தவை வராது, இமேஜில் வரும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபி டிஸ்க்குக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

இமேஜ் எடுக்கும்போதே அதன் ஹாஷையும் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை ஒரு கணக்குக்குள் செலுத்தி, நிலையான நீளமுள்ள ஒரு எண்ணாக வெளியே எடுப்பதுதான் ஹாஷ். லினக்ஸ் கணினி இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்:

```
$ printf 'hello' | sha256sum
2cf24dba5fb0a30e26e83b2ac5b9e29e1b161e5c1fa7425e73043362938b9824  -
$ printf 'Hello' | sha256sum
185f8db32271fe25f561a6fc938b2e264306ec304eda518007d1764826381969  -
```

ஒரே ஓர் எழுத்து சிறியதிலிருந்து பெரியதானது. ஆஸ்கி குறியீட்டில் அது ஒரே ஒரு பிட் மாற்றம். விடையோ தலைகீழ். 1 டிபி இமேஜிலும் ஒரு பிட் மாறினால் இதேதான் நடக்கும். MD5, SHA-1 என்ற பழைய கணக்குகளில் வேறுபட்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே விடை வரும்படி வேண்டுமென்றே தயாரிக்க முடியும் என்று முறையே 2004லும் 2017லும் காட்டிவிட்டார்கள். அதனால் இப்போது SHA-256 எடுப்பதே புத்திசாலித்தனம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் ஹாஷைப் படிவத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவின்படி தர வேண்டிய சான்றிதழில் இரண்டு பகுதிகள்: ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் ஒன்றையும், நிபுணர் மற்றொன்றையும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் எண்ணையும், எந்தக் கணக்கு என்பதையும் எழுத இடம் இருக்கிறது.

எண் சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக்கூடாது. ரேமை இரண்டு முறை எடுத்தால் இரண்டு எண் வரும். ஓடும் கணினியில் அது மாறிக்கொண்டே இருப்பதுதான் இயல்பு. ரேமின் ஹாஷ், கோப்பு உருவான பிறகு அதை யாரும் தொடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்குகள் இன்னொரு தலைவலி. அழித்த கோப்புகளின் இடத்தை, மின்சாரம் கிடைத்தாலே போதும், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சில்லு தானாகவே துடைக்கத் தொடங்கலாம். ரைட் பிளாக்கர் வெளியிலிருந்து வரும் கட்டளையைத் தடுக்கும். உள்ளே நடப்பதைத் தடுக்காது. ஆகவே இன்று எடுத்த இமேஜும் ஆறு மாதம் கழித்து எடுத்த இமேஜும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அலறாமல், எந்தப் பகுதிகள் மாறின என்று ஒப்பிட வேண்டும். மாறியவை எல்லாம் ஒதுக்கப்படாத காலி இடத்தில் பூஜ்யங்களாக மாறியிருந்தால் சில்லின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டிராயிங் கோப்பின் உள்ளடக்கமே மாறியிருந்தால் அது மனிதர் வேலை.

ஹாஷின் பெரிய வரம்பு வேறு. துருக்கியின் ‘பல்யோஸ்’ வழக்கில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்று 2012ல் 300க்கும் மேற்பட்ட ராணுவத்தினருக்குத் தண்டனை கிடைத்தது. முக்கிய ஆதாரம் 2003ல் பதிவானதாகச் சொல்லப்பட்ட சி.டி.க்கள். தேதிகள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆனால் உள்ளே இருந்த வேர்டு கோப்புகளில் காலிப்ரி எழுத்துருவின் பெயர் இருந்தது. அது பொதுமக்கள் கைக்கு வந்ததே ஆஃபீஸ் 2007 உடன்தான். மறுவிசாரணையில் 2015 மார்ச்சில் எல்லோரும் விடுதலையானார்கள். அந்த சி.டி.க்களுக்கு எத்தனை முறை ஹாஷ் எடுத்திருந்தாலும் எண் பிசகாமல் வந்திருக்கும். பொய்யையும் அது அப்படியே பத்திரமாகக் காக்கும்.

அதனால்தான் ஆதாரம் கைமாறும் ஒவ்வொரு படியும் எழுதப்பட வேண்டும் என்கிறார்கள். கோவை டிஸ்க்குக்கு அந்தப் பதிவேடு இப்படி இருக்கும்: டிஸ்க்கின் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், எந்த மேசையிலிருந்து கழற்றியது, உறையின் முத்திரை எண், கொடுத்தவர், வாங்கியவர், தேதி, நேரம், எதற்காக, இருவர் கையெழுத்து. போலீஸ் கைப்பற்றினால் மகஜரோடு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவாக எடுக்கவும் வேண்டும். அசல் டிஸ்க் முத்திரையோடு பூட்டுக்குள் போய்விடும். ஆய்வெல்லாம் நகலின் நகலில்தான்.

பதிவேட்டில் மூன்று நாள் இடைவெளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் எந்த அலமாரியில் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அந்த இடைவெளி ஹாஷ் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு விழுந்ததென்றால் தப்பிக்க வழி உண்டு: நீதிமன்றத்திலேயே இமேஜுக்கு மறுபடி கணக்கிட்டு, 64 எழுத்தும் ஒத்துப்போவதைக் காட்டலாம். அதே மூன்று நாள் ஹாஷ் எடுப்பதற்கு முன்னால் விழுந்திருந்தால், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறைச் சாவி யாரிடம் இருந்தது என்று முதலாளிதான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும்.